கடைசி ஆசனம் யாருக்கு?

2020 ஆகஸ்ட் 5 அன்று நடந்த இலங்கை நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு ஏழு ஆசனங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. 1,12,967 வாக்குகள் பெற்ற தமிழரசுக் கட்சிக்கு மூன்று ஆசனங்கள் கிடைத்தன. 35,927 வாக்குகள் பெற்ற தமிழ் மக்கள் தேசியக் கூட்டணிக்கு ஒன்று கிடைத்தது. வாக்குகளில் ஒன்றைக்கூட மாற்றாமல், பங்கிடும் கணக்கின் கடைசிப் படியை மட்டும் வேறு முறையில் போட்டிருந்தால் அந்த ஓர் ஆசனம் தமிழரசுக் கட்சிக்குப் போய், அதன் எண்ணிக்கை நான்காகியிருக்கும்.

விகிதாசாரத் தேர்தல் என்றால் வாக்குக்கு ஏற்ற ஆசனம் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் வாக்கு வீதத்தின்படி ஒரு கட்சிக்கு இரண்டரை ஆசனம் வந்தால் அரை உறுப்பினரை அவைக்கு அனுப்ப முடியாது. அந்தப் பின்னத்தை எப்படித் தீர்ப்பது என்பதில்தான் உலகம் இரண்டு வழிகளாகப் பிரிகிறது. ஒன்று மிகப்பெரிய மீதி முறை, மற்றது மிக உயர்ந்த சராசரி முறை.

நூறு வாக்கு, ஐந்து ஆசனம்

மொத்தம் நூறு வாக்குகள், ஐந்து ஆசனங்கள் என்று வைத்துக்கொள்வோம். க கட்சிக்கு 50 வாக்குகள், ச கட்சிக்கு 36, த கட்சிக்கு 14.

மீதி முறையில் முதல் வேலை, ஓர் ஆசனத்தின் விலையைக் கண்டுபிடிப்பது. நூறை ஐந்தால் வகுத்தால் 20. ஒவ்வொரு கட்சியின் வாக்கிலும் எத்தனை இருபதுகள் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். க கட்சியிடம் இரண்டு இருபதுகள், மீதி 10. ச கட்சியிடம் ஒன்று, மீதி 16. த கட்சியிடம் ஒன்றுகூட இல்லை. அதன் 14 வாக்குகளும் மீதிதான். ஆக மூன்று ஆசனங்கள் முழு விலைக்குப் போய்விட்டன. மிஞ்சிய இரண்டும் பெரிய மீதி வைத்திருப்பவர்களுக்குச் சேரும். 16 வைத்திருக்கும் ச ஒன்றையும், 14 வைத்திருக்கும் த மற்றொன்றையும் பெறுகின்றன. முடிவு: க 2, ச 2, த 1.

சராசரி முறையில் விலை என்று எதையும் முன்கூட்டி வைப்பதில்லை. ஆசனங்களை ஒவ்வொன்றாக ஏலம் விடுவதைப் போலக் கணக்கு நகர்கிறது. ஒவ்வொரு கட்சியின் வாக்கையும் 1, 2, 3 என்று வரிசையாக வகுத்து எழுதுகிறார்கள். க கட்சிக்கு 50, 25, 16.7, ச கட்சிக்கு 36, 18, 12, த கட்சிக்கு 14, 7. இவற்றில் மிகப் பெரிய ஐந்து எண்களுக்கு ஐந்து ஆசனங்கள். 50, 36, 25, 18, 16.7 என்று வரிசை முடிகிறது. க 3, ச 2, த கட்சிக்கு எதுவும் இல்லை.

கடைசி ஆசனத்தை மட்டும் பாருங்கள். அதை த கட்சிக்குக் கொடுத்தால் அந்த உறுப்பினருக்குப் பின்னால் 14 வாக்குகள்தான் நிற்கும். க கட்சிக்கு மூன்றாவது ஆசனமாகக் கொடுத்தால் அதன் மூன்று உறுப்பினர்களுக்கும் ஆளுக்கு 16.7 வாக்குகள் நிற்கும். ஓர் உறுப்பினருக்குச் சராசரியாக எத்தனை வாக்குகள் என்று கேட்டு, அது எங்கே கூடுதலோ அங்கே ஆசனத்தைக் கொடுப்பதுதான் இந்த முறை. மீதி முறையோ முழு விலை கொடுத்ததுபோக யார் கையில் அதிகம் தங்கியிருக்கிறது என்று கேட்கிறது. இரண்டு கேள்விகளுமே நியாயமானவைதான். ஆனால் விடை வேறு.

1, 2, 3 என்று வகுக்கும் இந்த வகையை 1878இல் முன்வைத்தவர் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்துச் சட்ட அறிஞர் விக்டர் தோன்ட். சராசரி முறைகளில் அது மட்டுமே இல்லை. பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஆந்த்ரே சான்ட் லாக் 1910இல் முன்வைத்த வகையில் 1, 3, 5 என்று ஒற்றைப்படை எண்களால் வகுப்பார்கள். நம் கணக்கில் அதைப் போட்டால் க கட்சிக்கு 50, 16.7, 10, ச கட்சிக்கு 36, 12, த கட்சிக்கு 14. முதல் ஐந்து 50, 36, 16.7, 14, 12. முடிவு 2, 2, 1 என்று மீதி முறையோடு ஒத்துப்போகிறது. எனவே பெரிய கட்சிக்குச் சாதகம் என்ற பெயர் சராசரி முறை முழுவதற்கும் பொருந்தாது. அது தோன்டின் வகுப்பான்களின் குணம்.

யாழ்ப்பாணத்துக் கணக்கு

இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு மீதி முறையை ஏற்கிறது. அதோடு இரண்டு சேர்க்கைகள் உண்டு. மாவட்டத்தில் 5 விழுக்காட்டுக்குக் குறைவாக வாக்கு எடுத்த கட்சிகளின் வாக்குகள் கணக்கிலிருந்து நீங்கிவிடும். அதிக வாக்கு பெற்ற கட்சிக்கு முதலில் ஒரு போனஸ் ஆசனம் போகும். மற்ற ஆசனங்களே பங்கிடப்படும்.

2020இல் யாழ்ப்பாணத்தில் 5 விழுக்காட்டைத் தாண்டிய கட்சிகள் ஐந்து. தமிழரசுக் கட்சி 1,12,967. அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் 55,303. ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி 49,373. ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி 45,797. தமிழ் மக்கள் தேசியக் கூட்டணி 35,927. கூட்டினால் 2,99,367. போனஸ் ஆசனம் தமிழரசுக் கட்சிக்குப் போக, மிஞ்சியவை ஆறு. ஆறால் வகுத்து, பின்னம் வந்ததால் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றினால் ஓர் ஆசனத்தின் விலை 49,895.

தமிழரசுக் கட்சியிடம் இரண்டு முழு விலை இருக்கிறது, மீதி 13,177. காங்கிரஸிடம் ஒன்று, மீதி 5,408. சுதந்திரக் கட்சிக்கு முழு விலைக்கு 522 வாக்குகள் குறைகின்றன. ஆனால் இந்த முறையில் அது இழப்பே இல்லை. அதன் 49,373 வாக்குகளும் மீதியாகி, மீதி வரிசையில் முதலிடம் பிடிக்கின்றன. அதற்குப் பின்னால் 45,797, பிறகு 35,927. விலைக்குப் போனவை மூன்று ஆசனங்கள், மீதிக்கு வந்தவை மூன்று. இப்படித்தான் மூன்று கட்சிகளும் ஆளுக்கு ஓர் ஆசனம் பெற்றன. போனஸோடு சேர்த்துத் தமிழரசுக் கட்சிக்கு மூன்று.

இதே ஆறு ஆசனங்களைத் தோன்ட் முறையில் பங்கிட்டால் தமிழரசுக் கட்சியின் வாக்கை மூன்றால் வகுக்கும்போது 37,656 வருகிறது. அது 35,927ஐவிட 1,729 அதிகம். ஆறாவது ஆசனம் அங்கே போய்விடும். சான்ட் லாக் முறையில் போட்டால் மீண்டும் இப்போதைய முடிவே வரும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போனஸை எடுத்துவிட்டு ஏழு ஆசனங்களையும் தோன்ட் முறையில் பங்கிட்டால் 3, 1, 1, 1, 1 என்று 2020இல் உண்மையில் வந்த முடிவே வருகிறது. மீதி முறை சிறிய கட்சிகளுக்குத் தரும் இடத்தை, போனஸ் ஆசனம் மறுபக்கம் இழுத்துச் சமன் செய்கிறது. முறையின் பெயரை மட்டும் பார்த்து ஒரு நாட்டின் தேர்தலை எடைபோட்டால் இது தெரியாமல் போய்விடும். வெட்டுப்புள்ளி, போனஸ், ஒரு மாவட்டத்தில் எத்தனை ஆசனங்கள் என்ற மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

உடைத்தால் லாபம்

மீதி முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. நம் நூறு வாக்குக் கணக்குக்குத் திரும்புவோம். 50 வாக்குகள் உள்ள க கட்சி ஒரே பட்டியலாக நின்றபோது இரண்டு ஆசனங்களே கிடைத்தன. அதே கட்சி மூன்று பட்டியல்களாக நின்று, ஆதரவாளர்களை 17, 17, 16 என்று பிரித்து வாக்களிக்கச் செய்கிறது என்று வையுங்கள். எந்தப் பட்டியலுக்கும் முழு விலையான 20 இல்லை. ச கட்சி ஓர் ஆசனத்தை விலைக்கு வாங்கிவிட, நான்கு ஆசனங்கள் மீதிக்கு வருகின்றன. மீதிகள் 17, 17, 16, ச கட்சியின் 16, த கட்சியின் 14. க கட்சியின் மூன்று பட்டியல்களும் வென்றுவிடுகின்றன, த வெளியே.

ஹாங்காங்கில் இது நடைமுறையாகவே இருந்தது. 1998 முதல் 2016 வரை அங்கே சட்டமன்றத்தின் நேரடித் தொகுதிகளுக்கு மீதி முறை இருந்தது. பெரிய கட்சிகள் ஒரே தொகுதியில் பல பட்டியல்களை நிறுத்தின. 2012இல் ஒன்பது ஆசனங்கள் கொண்ட மேற்குப் புதிய பிரதேசத் தொகுதியில் டி.ஏ.பி. கட்சி நிறுத்திய மூன்று பட்டியல்களும் ஆளுக்கு ஓர் ஆசனம் வென்றன. இதில் ஆபத்தும் இருக்கிறது. வாக்காளர்கள் சரியாகப் பிரியாமல் ஒரு பட்டியலிலேயே குவிந்தால் மற்றவை கவிழும்.

தோன்ட் முறையில் உடைத்து லாபம் பார்க்க வழியில்லை. சேர்ந்து நிற்பதே அங்கே உதவும். இலங்கையிலும் உடைப்பவருக்குப் போனஸ் ஆசனம் கைநழுவலாம், உடைந்த துண்டு 5 விழுக்காட்டுக்குக் கீழே விழலாம். அந்த இரண்டும் அங்கே காவலாக நிற்கின்றன.

ஆசனம் கூடினால் பங்கு குறையுமா?

இரண்டாவது பலவீனம் வினோதமானது. மூன்று மாநிலங்களின் மக்கள்தொகை 6 லட்சம், 6 லட்சம், 2 லட்சம். பத்து ஆசனங்களை மீதி முறையில் பங்கிட்டால் பங்கு 4.29, 4.29, 1.43 என்று வருகிறது. சிறிய மாநிலத்தின் பின்னம்தான் பெரியது. முடிவு 4, 4, 2. அவையைப் பதினொன்றாக்கினால் பங்கு 4.71, 4.71, 1.57. இப்போது பெரிய மாநிலங்களின் பின்னங்கள் முந்திவிடுகின்றன. முடிவு 5, 5, 1. அவை வளர்ந்தது, சிறிய மாநிலம் தேய்ந்தது.

1880ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு அமெரிக்காவில் இது உண்மையாகவே தலைகாட்டியது. கணக்கெடுப்பு அலுவலகத்தின் தலைமை எழுத்தர் சி.டபிள்யூ. சீட்டன், பல அளவிலான அவைகளுக்கு மாநிலவாரியாகப் பங்கிட்டுப் பார்த்தார். 299 உறுப்பினர்கள் என்றால் அலபாமாவுக்கு 8, 300 என்றால் 7. இதற்கு அலபாமா முரண் என்றே பெயர் நிலைத்தது. சராசரி முறையில் இது நடக்காது. அவை கூடும்போது வரிசையில் அடுத்து நிற்கும் எண்ணுக்கு ஓர் ஆசனம் சேருமே தவிர, ஏற்கெனவே கொடுத்தது எதுவும் திரும்பி வராது.

அதற்கு ஒரு விலை உண்டு. 60 வாக்குகள் உள்ள ஒரு கட்சியும், ஆளுக்கு 5 வாக்குகள் உள்ள எட்டுக் கட்சிகளும் பத்து ஆசனங்களுக்குப் போட்டியிட்டால் பெரிய கட்சியின் உரிய பங்கு ஆறு. தோன்ட் முறையில் 60ஐப் பத்தால் வகுத்தாலும் 6 வருகிறது, அது ஐந்தைவிடப் பெரிது. பத்து ஆசனங்களும் ஒரே கட்சிக்கு. மீதி முறையில் இப்படி நடக்கவே முடியாது. அதில் உரிய பங்குக்கு ஒட்டிய கீழ் முழு எண்ணோ மேல் முழு எண்ணோதான் கிடைக்கும். உரிய பங்கை எப்போதும் காத்து, முரண்களையும் எப்போதும் தவிர்க்கும் முறை எதுவும் இருக்க முடியாது என்று மிஷெல் பாலின்ஸ்கியும் பேட்டன் யங்கும் கணிதமாகவே நிறுவினார்கள்.

ஆகவே குறையற்ற முறையைத் தேடுவதைவிட, எந்தக் குறை எங்கே விழுகிறது என்று பார்ப்பதே பயன் தரும். நூறு ஆசனங்களை ஒரே தொகுதியாகப் பங்கிட்டால் இரு முறைகளுக்கும் இடையே சில ஆசனங்களே மாறும். ஐந்தும் ஆறுமாகப் பிரித்த சிறு மாவட்டங்களில் மாறுவது ஓர் ஆசனம் என்றாலும் அது மாவட்டத்தின் ஆறில் ஒரு பங்கு. இலங்கையில் அத்தகைய கணக்கு 22 தேர்தல் மாவட்டங்களில் தனித்தனியாக நடக்கிறது. ஒவ்வொன்றிலும் கடைசி ஆசனம் ஒரே பக்கமாகச் சாய்ந்தால், ஒரு வாக்கும் மாறாமலே நாடாளுமன்றத்தின் பெரும்பான்மை மாறிவிடலாம்.