உங்களுக்குத் தெரியுமா? தொழுநோய்க்கு ஏன் மூன்று மருந்து?

◆ தொழுநோய்க்கு ஒரு காலத்தில் டாப்சோன் மட்டுமே மருந்து. அதை நோயாளிகளுக்கு முதன்முதலாகக் கொடுத்துப் பார்த்தவர்களில் ஒருவரான மருத்துவர் ராபர்ட் காக்ரேன், 1940களில் அந்த வேலையைச் செய்தது நம் செங்கல்பட்டில்தான். மலிவான மாத்திரை, நல்ல பலன். ஆனால் ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டும். பலருக்கு ஆயுள் முழுக்க. 1964இல் மலேசியாவின் சுங்கை பூலோவிலிருந்து கெட்ட செய்தி வந்தது. அங்கே நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளை எலியின் பாதத்தில் செலுத்தி வளர்த்தபோது, டாப்சோன் கொடுத்தும் அவை பெருகின. எனவே 1981இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக் குழு கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் என்ற மூன்றும்தான் இன்றுவரை அதன் மருந்துகள்.

◆ உணர்ச்சியற்ற தேமல்களை எண்ணியே நோயின் வகையைப் பிரிக்கிறார்கள். ஐந்து வரை இருந்தால் குறைந்த கிருமி வகை. ஆறும் அதற்கு மேலும் இருந்தால் அதிகக் கிருமி வகை. தேமல் குறைவாக இருந்தும் தோல் சுரண்டல் பரிசோதனையில் கிருமி தெரிந்தால், அதுவும் அதிகக் கிருமி வகையில்தான் சேரும்.

◆ மருந்து ஏன் வகைக்கு வகை மாறியது? கணக்குப் போட்டால் விளங்கும். முற்றிய அதிகக் கிருமி நோயாளியின் உடலில் பத்தாயிரம் கோடி கிருமிகள்கூட இருக்கலாம். மூன்றில் வீரியமானது ரிஃபாம்பிசின்; ஒரே வேளையில் பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும். ஆனால் ஏறக்குறைய ஒரு கோடி கிருமிக்கு ஒன்று, பிறக்கும்போதே அதற்கு மசியாத தன்மையோடு இருக்கும். பத்தாயிரம் கோடியில் அப்படிப் பத்தாயிரம் தேறும். ரிஃபாம்பிசினை மட்டும் கொடுத்தால் அந்தப் பத்தாயிரமும் தப்பி, பெருகி, நோயைத் திரும்பக் கொண்டுவரும். டாப்சோனைச் சேர்த்தால் அவை சாகும். ஆனால் சிலரிடம் டாப்சோனுக்கு ஏற்கெனவே அடங்காத கிருமிகள் இருக்கலாமே! அந்தப் பயத்தால்தான் மூன்றாவதாகக் குளோஃபாசிமின் வந்தது.

குறைந்த கிருமி வகையில் மொத்தமே பத்து லட்சத்துக்குள் என்பது மதிப்பீடு. கோடிக்கு ஒன்று என்றால், ரிஃபாம்பிசினுக்கு மசியாத கிருமி அங்கே இருப்பதற்கே வாய்ப்பு குறைவு. ஆகவே இரண்டு மருந்து, ஆறு மாதம் போதும் என்று முடிவு செய்தார்கள். அதிகக் கிருமி வகைக்கு மூன்று மருந்து, பன்னிரண்டு மாதம்.

◆ ரிஃபாம்பிசின் மாதத்துக்கு ஒரே வேளைதான். பெரியவர்களுக்கு 600 மில்லிகிராம், சுகாதாரப் பணியாளர் முன்னிலையில். காசநோய்க்குத் தினமும் கொடுக்கும் மருந்து இது. ஆனால் தொழுநோய்க் கிருமி ஒருமுறை இரண்டாகப் பிரிய ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். இவ்வளவு மெதுவாக வளரும் கிருமிக்கு மாதம் ஒரு வேளை போதுமானது. அன்று சிறுநீர் சிவந்து போகும், பயப்பட வேண்டாம். டாப்சோன் 100 மில்லிகிராமும் குளோஃபாசிமின் 50 மில்லிகிராமும் வீட்டிலேயே தினமும் சாப்பிட வேண்டியவை. மாதாந்தர வேளையில் மட்டும் குளோஃபாசிமின் 300 மில்லிகிராம்.

◆ பலர் மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் காரணம் குளோஃபாசிமின் தோலைக் கருஞ்சிவப்பாக்குவது. நோயை மறைக்க நினைப்பவருக்கு, ஊரார் கண்ணில் படும் இந்த நிறம் பெரிய வேதனை. இதைக் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்: மருந்து முடிந்த சில மாதங்களில் நிறம் மெல்ல மங்கும். டாப்சோன் விஷயம் வேறு. தொடங்கிய முதல் சில வாரங்களில் காய்ச்சலோடு தோல் உரிந்தாலோ, கண் மஞ்சளானாலோ அன்றே அதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும்.

◆ தேமலை எண்ணுவதிலும் தவறு நேரும். முதுகில் மங்கலாக இருக்கும் இரண்டைக் கவனிக்காமல் விட்டால், ஏழு தேமல் உள்ளவர் ஐந்து தேமல்காரராகி, முன்பெல்லாம் இரண்டே மருந்தில் நின்றுவிடுவார். 2018 முதல் உலக சுகாதார நிறுவனம் இரு வகைக்கும் மூன்று மருந்துகளையே பரிந்துரைக்கிறது. இந்தியாவும் 2025 ஏப்ரலில் அதற்கு மாறியது. கால அளவு மட்டும் பழையபடி ஆறு மாதம், பன்னிரண்டு மாதம். வகை தவறினாலும் மருந்துகளின் எண்ணிக்கை குறையாது என்பதால் இது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். ஆனால் தோல் நிறம் மாறுவது இனி எல்லோருக்கும் பொது என்பதையும் மறக்கக் கூடாது.

◆ பன்னிரண்டு மாதம் முடிந்த பிறகும் தோல் சுரண்டலில் கிருமி தெரியலாம். அவை பெரும்பாலும் செத்த கிருமிகள். உடல் அவற்றை அகற்றப் பல ஆண்டுகள் எடுக்கும். அதற்காக மருந்தை நீட்டத் தேவையில்லை. பழைய தேமல் திடீரென்று சிவந்து வீங்கினாலோ, முழங்கை நரம்பு வலித்து விரல் மரத்தாலோ, அது பெரும்பாலும் நோய் எதிர்ப்பு ஆற்றலின் சீற்றம். இதற்குக் கூட்டு மருந்து பலன் தராது, ஸ்டீராய்டு தேவை. அதுவும் சில நாட்களுக்குள். தள்ளிப்போட்டால் விரல் மடங்கியபடியே நின்றுவிடும். இந்தச் சீற்றம் சிகிச்சையின் நடுவிலும் வரும், முடிந்த பிறகும் வரும்.