"முதல்ல அனுப்பினதே நல்லா இருந்துச்சு சார்"

புடவைக் கடைகளுக்கு விளம்பரப் படம் திருத்தித் தருகிறவர்களுக்கு இந்தச் செய்தி நன்றாகவே பழக்கம்: "முதல்ல அனுப்பின கோயில் பேக்ரவுண்டே போடுங்க சார். ஆனா முந்தானை ஓரம் இப்ப இருக்கிற மாதிரியே இருக்கட்டும்." நியாயமான கோரிக்கைதான். நாலு பின்னணியைப் பார்த்த பிறகுதானே எது பிடிக்கிறது என்று தெரியும்? ஆனால் பழைய கோப்பில் கோயில் இருக்கும், சீராக்கிய முந்தானை இருக்காது. புதியதில் முந்தானை இருக்கும், கோயில் இருக்காது. லேயர் பட்டியலிலோ Layer 14, Layer 14 copy 2 என்று ஒரே கூட்டம்.

போட்டோஷாப்பில் இதற்கு வழி, எது எதோடு மாறும் என்று பார்த்துப் பிரிப்பது. மாடலும் அவரை வெட்டியெடுத்த மாஸ்க்கும் MODEL என்ற ஒரே குரூப்பில் இருக்கட்டும். பின்னணி எத்தனை முறை மாறினாலும் இது ஒன்றே. கோயில் படமும் தரையில் விழும் நிழலும் BG_01_temple என்ற குரூப்பாக அதற்குக் கீழே.

பலரும் கோட்டைவிடுவது அடுத்ததில். கோயிலின் மாலை வெயிலுக்கு ஏற்பப் புடவையில் மஞ்சள் ஏற்றிய கர்வ்ஸ் லேயரும் பின்னணியைச் சேர்ந்ததுதான். அது மாடலுக்கு மேலே உட்காருவதால் கண்ணில் படாமல் போய்விடுகிறது. பின்னணியைச் சாம்பல் சுவராக மாற்றியதும், "புடவை கலரே மாறிடுச்சே" என்று கடைக்காரர் சொன்னால் மறந்துபோன அந்த மஞ்சள்தான் காரணம். அதை TONE_01_temple என்று அதே எண்ணில் பெயரிட்டு, MODEL குரூப்போடு கிளிப் செய்துவிட வேண்டும்.

இப்போது Layer Comps பேனலில் ஒவ்வொரு பின்னணிக்கும் ஒரு பதிவு. எந்த லேயர் தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்பதை அது நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு சொடுக்கில் கோயில் வரும், அதன் நிழலோடும் மஞ்சளோடும். மாஸ்க் ஒன்றே என்பதால் முந்தானையை ஒருமுறை சீராக்கினால் எல்லாப் பின்னணியிலும் சீராகிவிடும்.

அதே காரணத்தால் பழைய மாஸ்க்கை அது மீட்டுத் தராது. அதற்குத்தான் தனிக் கோப்பு. ஒவ்வொரு சுற்று திருத்தத்தையும் தொடங்குமுன் saree07_v02.psd, saree07_v03.psd என்று புதிதாகச் சேமியுங்கள். final என்ற சொல்லைக் கோப்புப் பெயரில் சேர்க்கவே வேண்டாம். அனுப்பும் ஜேபெக்குக்கும் அதே எண். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் பெயர் தங்காது, டாக்குமெண்ட்டாக அனுப்பினால் தங்கும். அப்போது கடைக்காரரும் "முதல்ல அனுப்பினது" என்னாமல் "v02" என்பார்.

ஒதுக்கப்பட்ட பின்னணிகள் சேரச் சேரக் கோப்பு வீங்கும். 2 ஜிபியைத் தாண்டினால் பிஎஸ்டியாகச் சேமிக்க முடியாது, பிஎஸ்பிதான். வேண்டாதவற்றைப் புதிய பதிப்பிலிருந்து மட்டும் நீக்குங்கள். திரும்பக் கேட்டால் எடுத்துக்கொடுக்கப் பழைய பதிப்பு இருக்கிறது.