டிவிக்குப் பின்னால் ஒரு நெரிசல்

இரவு ஒன்பது மணி. படம் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. ஆனால் டிவியோடு புளூடூத்தில் இணைத்த சவுண்ட்பாரில் வசனம் அறுந்து அறுந்து வருகிறது. ரிமோட்டில் அம்புக்குறியை அழுத்தினால் ஒரு நொடி கழித்துத்தான் திரை நகர்கிறது. மறுநாள் காலை அதே படத்தைப் போட்டால் எந்தக் குறையும் இல்லை. இந்த நிலையில் பலர் சவுண்ட்பாரைச் சர்வீஸுக்கு எடுத்துப் போகிறார்கள், சிலர் புதிதே வாங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டுமே தேவைப்படாது.

புளூடூத்தும் பழைய வைஃபையும் ஒரே அலைவரிசைத் துண்டில் இயங்குகின்றன. 2400 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 2483.5-இல் முடியும் இந்தத் துண்டைத்தான் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்கிறோம். உரிமம் வாங்காமல் யாரும் பயன்படுத்தலாம் என்பதால் மைக்ரோவேவ் அடுப்பு, வயர்லெஸ் மவுஸ், ஸ்மார்ட் பல்பு எல்லாம் இங்கேதான் குவிந்திருக்கின்றன.

வைஃபை இதில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலமான ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருக்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் மூன்று வைஃபை மட்டுமே இங்கே அமரலாம். அவைதான் 1, 6, 11 என்ற சேனல்கள். புளூடூத்தின் வழி வேறு. அதே துண்டை ஒரு மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 79 கீற்றுகளாகப் பிரித்து, நொடிக்கு 1600 முறை கீற்று விட்டுக் கீற்று தாவிக்கொண்டே பேசும். 2003-இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து அதற்கு இன்னொரு திறமையும் உண்டு: எந்தக் கீற்றுகளில் அடிக்கடி மோதல் நடக்கிறது என்று கண்டு அவற்றைத் தவிர்த்துவிடும். வீட்டில் ஒரே ஒரு ரூட்டர் இருந்து அது 6-ஆம் சேனலில் இருந்தால், புளூடூத் அந்த இருபது கீற்றுகளை விட்டுவிட்டு மற்றவற்றில் நிம்மதியாக ஓடும்.

அடுக்குமாடி வீட்டில் அந்த வசதி கிடைப்பதில்லை. மேல் வீடு 1-இல், பக்கத்து வீடு 6-இல், எதிர் வீடு 11-இல் என்று மூன்று இடமும் நிரம்பியிருக்கும். இடையில் மிஞ்சுகிற சந்துகளைக் கூட்டிப் பார்த்தால் சுமார் 18 கீற்றுகள்தான் தேறும். புளூடூத் விதிப்படி குறைந்தது 20 கீற்றுகளிலாவது தாவியாக வேண்டும். ஆகவே எவ்வளவு சாமர்த்தியமாகத் தவிர்த்தாலும் சில தாவல்கள் யாரோ ஒருவருடைய வைஃபைக்குள்தான் போய் விழும். காலையில் அந்த வைஃபைகள் பெரும்பாலும் சும்மா இருக்கின்றன. இரவு ஒன்பது மணிக்கு எல்லா வீட்டிலும் படம் ஓடுகிறது.

மோதலில் இரு தரப்புக்கும் அடி விழுகிறது. வைஃபை அதைத் தாங்கிக்கொள்ளும். டிவி படத்தைப் பல நொடிகளுக்கு முன்பே இறக்கி வைத்துக்கொள்வதால், ஒரு பொட்டலம் தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்க நேரம் இருக்கிறது. சவுண்ட்பாரின் கையிருப்போ ஒரு நொடியில் சிறு பங்குதான். அது தீர்வதற்குள் அடுத்த பொட்டலம் வராவிட்டால் ஒலி அறுந்துவிடும். படம் நன்றாக ஓடும்போதே வசனம் வெட்டுப்படுவது இதனால்தான்.

அலைவரிசை நெரிசலை விடவும் ரூட்டர் இருக்கும் இடம்தான் அதிகம் கெடுக்கிறது என்பது என் கணிப்பு. ரூட்டரின் வைஃபை சுமார் 100 மில்லிவாட் வரை வீசும். புளூடூத் கருவிகளில் பல 2.5 மில்லிவாட்டைத் தாண்டாதவை. ரூட்டர் டிவிக்கு ஒட்டினாற்போல் இருந்தால், அது வேறு சேனலில் பேசினாலும் டிவியின் புளூடூத் ஏற்பி திணறிப்போகும். திருவிழா ஒலிபெருக்கிக்கு அடியில் நின்றுகொண்டு எதிரே இருப்பவர் மெல்லச் சொல்வதைக் கேட்பது போலத்தான் அதன் நிலைமை. இங்கே கீற்று மாற்றித் தாவுவதால் பயனில்லை, தூரம்தான் உதவும். திறந்த வெளியில் 20 சென்டிமீட்டரை இரண்டு மீட்டராக்கினால் வந்து சேரும் சக்தி நூறில் ஒரு பங்காகிவிடும். வீட்டுக்குள் சுவர்ப் பிரதிபலிப்பால் அவ்வளவு துல்லியமாகக் குறையாது என்றாலும் வித்தியாசம் பெரிதாகவே இருக்கும்.

ஒரு ஹாலை எடுத்துக்கொள்வோம். சுவரில் டிவி. அதன் பின்னால், வயர் வெளியே தெரியக்கூடாது என்று ஃபைபர் ரூட்டர். எச்டிஎம்ஐ வாயில் நேராகச் செருகிய ஸ்ட்ரீமிங் ஸ்டிக். யுஎஸ்பி வாயில் படங்கள் நிறைந்த ஹார்ட் டிஸ்க். கீழே புளூடூத்தில் சவுண்ட்பார். பார்க்க அழகான அமைப்பு, அலைகளுக்கு மிக மோசமான அமைப்பு.

காரணத்தைக் கண்டுபிடிக்க முதலில் ரூட்டரை அணைத்துவிட்டு, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஒரு படத்தைப் போட்டுப் பாருங்கள். ஒலி சீரானால் குற்றவாளி வைஃபை. அப்போதும் அறுந்தால் ஹார்ட் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். நீல நிற யுஎஸ்பி 3 வாயும் அதன் கேபிளும் இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கசியவிடும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் விளக்கியிருக்கிறது. டிஸ்க்கை யுஎஸ்பி 2 வாய்க்கு மாற்றினாலோ, நல்ல உறை போட்ட கேபிளால் தள்ளி வைத்தாலோ அது அடங்கும். ரிமோட்டிலும் ஒரு தடயம் உண்டு. பல ரிமோட்டுகளில் பவர் பொத்தான் அகச்சிவப்பு ஒளியில் இயங்கும், குரல் பொத்தானும் அம்புக்குறியும் புளூடூத்தில். பவர் உடனே வேலை செய்து மற்றவை தாமதித்தால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள்.

இனி அடுக்கும் வரிசை. சவுண்ட்பார் அசையப் போவதில்லை, அதற்கு புளூடூத் எதற்கு? எச்டிஎம்ஐ ஏஆர்சி வாயிலோ ஆப்டிக்கல் கேபிளிலோ இணைத்துவிட்டால் பிரச்சினையின் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். உதடும் ஒலியும் விலகி நிற்கிற தொல்லையும் குறையும். அடுத்து, டிவிக்கு ஒரு லான் கேபிள். பல டிவிகளின் லான் வாய் நொடிக்கு 100 மெகாபிட்தான் தரும், 4கே படத்துக்கு அதுவே தாராளம். கேபிள் இழுக்க வழியில்லையென்றால் டிவியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். பெரும்பாலான டிவிகளில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சில்லில்தான் இருக்கின்றன. இரண்டுக்கும் 2.4 என்றால் ஒன்றுக்கொன்று முறை வைத்துக் காத்திருக்க வேண்டும். ரூட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், அமைப்புப் பக்கத்தில் இரண்டு பெயராகப் பிரித்து 5-ஐ மட்டும் டிவிக்குக் கொடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டும்போது சீக்கிரம் வலுவிழக்கும், ஆனால் ஒரே ஹாலுக்குள் அந்தக் கவலை இல்லை.

அதே பக்கத்தில் 2.4-க்கான `Channel Width` என்ற இடம் `20/40 MHz` என்றிருந்தால் `20 MHz` ஆக்குங்கள். 40 வைத்தால் வேகம் கூடும் என்பார்கள். நெரிசலான கட்டடத்தில் அது பாதித் துண்டை விழுங்கி, அண்டை வீட்டாரையும் சேர்த்துத்தான் கெடுக்கும். 2.4-ஐ முழுவதும் அணைத்துவிடவும் வேண்டாம், ஸ்மார்ட் பல்புகளும் கேமராக்களும் பெரும்பாலும் அதை நம்பியே இருக்கின்றன.

ஸ்டிக்கோடு பெட்டியில் ஒரு குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு கேபிள் வந்திருந்தால் அதைத் தேடி எடுங்கள். டிவியின் உலோக முதுகு அலையை மறைக்கும். அந்தக் கேபிளில் மாட்டி ஸ்டிக்கை ஓரத்துக்கு வெளியே தொங்கவிட்டால் ரிமோட்டுக்கும் வைஃபைக்கும் வழி திறக்கும். ஹெட்போனும் கேம்பேடும் புளூடூத்தில்தான் இருந்தாக வேண்டும், அவற்றுக்காகத்தான் மற்றவற்றை இடம் மாற்றுகிறோம்.

புது இணைப்புக்கு ஆள் வந்தால் டிவிக்குப் பின்னால் ரூட்டரை மாட்டத்தான் பார்ப்பார், கேபிள் மிச்சம் என்பதால். இரண்டு மீட்டர் தள்ளி, திறந்த இடத்தில் மாட்டச் சொல்லுங்கள். கூடுதல் கேபிளுக்குப் பணம் கேட்டாலும் கொடுங்கள், அது புது சவுண்ட்பாரின் விலையில் சிறு பங்குதான்.