ஏஜென்ட் காட்டாத பக்கம்

விதை வியாபாரம் செய்யும் கம்பெனி ஒன்று, ஒரு லட்சம் போட்டால் மாதம் மூவாயிரம் தருவதாகச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். "கவர்மென்ட்ல பதிவு பண்ண கம்பெனி சார்" என்று ஏஜென்ட் சான்றிதழை நீட்டுவார். இப்படி ஒரு கம்பெனி பதிவாகியிருக்கிறது என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி. என்ன தொழிலுக்காகத் தொடங்கப்பட்டது என்பதை அறிய அதன் மெமோரண்டத்தில் உள்ள நோக்கப் பிரிவைப் பார்க்க வேண்டும்.

மெமோரண்டம் ரகசிய ஆவணம் அல்ல. mca.gov.in தளத்தில் View Public Documents பகுதிக்குப் போய், கம்பெனியின் பெயரைத் தேடி, 100 ரூபாய் கட்டினால் யாரும் பார்க்கலாம். 2013 கம்பெனிச் சட்டப்படி பதிவான கம்பெனி என்றால் மூன்றாவது பத்தியைப் பாருங்கள். 3(a)-வில் இருப்பதுதான் கம்பெனியின் தொழில். 3(b) அந்தத் தொழிலை நடத்தத் தேவையான துணைக் காரியங்களின் பட்டியல்.

ஏமாறுவது பெரும்பாலும் 3(b)-யில்தான். கடன் வாங்கலாம், முதலீடு செய்யலாம், நிலம் வாங்கலாம், நன்கொடை தரலாம் என்று அது பக்கக்கணக்கில் நீளும். ஏஜென்ட் விரல் வைத்துக் காட்டுவதும் அங்கேதான். ஆனால் அவை தனித்தொழில்கள் ஆகிவிடாது.

சென்னையின் யுனைடெட் இந்தியா லைஃப் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். 1955-ல் அதன் இயக்குநர்கள் ஓர் அறக்கட்டளைக்கு இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். பங்குதாரர் கூட்டம் அதற்குச் சம்மதித்திருந்தது. பொதுநலக் காரியங்களுக்குப் பணம் தரலாம் என்று மெமோரண்டத்திலும் இருந்தது. அடுத்த ஆண்டு காப்பீடு தேசியமயமானதும் எல்.ஐ.சி. அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டது. லட்சுமணசாமி முதலியார் வழக்கு என்று பெயர்பெற்ற அதில், கம்பெனியின் தொழிலுக்கு உதவாத நன்கொடை அதன் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது, பங்குதாரர் ஒப்புதலும் அதைச் செல்லுபடியாக்காது என்றது சுப்ரீம் கோர்ட். கொடுத்தவர்கள் சொந்தப் பொறுப்பில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

விதைக் கம்பெனிக்கு வருவோம். 3(a)-வில் விதை விற்பனை மட்டும் இருந்து, பணம் வசூலிக்கும் திட்டத்துக்கு 3(b)-யைக் காட்டினால் விலகிவிடுங்கள். 3(a)-விலேயே நிதித்தொழில் என்று இருந்தாலும் போதாது. அதற்கு ரிசர்வ் வங்கியின் பதிவு தனியாக வேண்டும். பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதியும் வேண்டும். மெமோரண்டம் உரிமம் ஆகாது. சிறப்புத் தீர்மானம் போட்டு நோக்கத்தை மாற்றவும் முடியும் என்பதால் பழைய பிரதியை நம்பாதீர்கள்.

பங்குதாரராக இருந்தால் மெமோரண்டத்தின் பிரதியைக் கம்பெனியிடமே கேட்கலாம். கட்டணம் கட்டிய ஏழு நாளுக்குள் தர வேண்டும். பங்குதாரர்களோ டெபாசிட்தாரர்களோ போதிய எண்ணிக்கையில் சேர்ந்தால், நோக்கத்தை மீறும் செயலைத் தடுக்கக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சட்டவிரோத வசூல் பற்றி ரிசர்வ் வங்கியின் சசேத் தளத்தில் புகார் தரலாம். தமிழ்நாட்டில் போட்ட பணம் திரும்பவில்லை என்றால் 1997-ம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போக வேண்டும். ரசீது, விளம்பர நோட்டீஸ், ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றோடு 3(a) இருக்கும் பக்கத்தையும் பிரதி எடுத்துப் புகாருடன் இணையுங்கள்.