மாணிக்கக் கல்லில் ஒரு துளி எண்ணெய்

பெல் நிறுவனத்திலோ பொன்மலை ரயில்வே பணிமனையிலோ வேலை பார்த்தவர்களின் பீரோவைத் துழாவினால் ஒரு எச்எம்டி ஜனதா கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து எச்எம்டி 1961இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஜனதாவுக்கு பேட்டரி கிடையாது. தினமும் சாவி கொடுக்க வேண்டும். பல வருடம் சும்மா கிடந்ததற்குச் சாவி கொடுத்ததும் டிக் டிக் என்று ஓடத் தொடங்கும். உடனே கையில் கட்டிக்கொள்ளத் தோன்றும். சர்வீஸ் ஆகும்வரை கட்டாதீர்கள்.

ஏன் என்று தெரிய, உள்ளே பார்க்க வேண்டும். சாவி கொடுக்கும்போது சுருள்கிற மெயின் ஸ்பிரிங்கின் விசை, பல்சக்கரங்கள் வழியாக பேலன்ஸ் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது. அந்தச் சக்கரம் நொடிக்கு ஐந்து முறை, ஒரு நாளில் 4,32,000 முறை, இப்படியும் அப்படியும் திரும்புகிறது. அதன் அச்சு முனையின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு தலைமுடி அளவு. அது சுழல்வது செயற்கை மாணிக்கக் கல்லில் போட்ட துளைக்குள். டயலில் ‘17 ஜுவல்ஸ்’ என்று குறிப்பிடுவது இந்தக் கற்களைத்தான்.

கல்லில் சின்னக் கிண்ணம்போல ஒரு குழி உண்டு. அதில் வைத்த எண்ணெய்த் துளி, பரப்பு இழுவிசையால் வழியாமல் அங்கேயே நிற்கும். துளி கொஞ்சம் பெரிதானாலும் பிடிமானம் விட்டு ஓடிவிடும், கல் காய்ந்துபோகும். கடிகாரத்தில் எண்ணெய் கூடினாலும் கெடுதல்தான்.

அந்த எண்ணெய் பீரோவுக்குள்ளும் வயதாகிறது. சில வருடங்களில் பிசினாகி, தூசியோடு சேர்ந்து உப்புத்தாள்போல அச்சைத் தேய்க்கிறது. கடிகாரம் ஓடும், முள்ளும் நகரும், உள்ளே எஃகு தேய்ந்துகொண்டிருக்கும். அதனால்தான் நன்றாக ஓடினாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ் வேண்டும். முழுச் சாவிக்கு ஒன்றரை நாள் ஓடியது இரவிலேயே நின்றால் தள்ளிப்போடாதீர்கள். அம்மா மண்டபத்தில் காவிரிக் குளியலுக்குப் பிறகு கண்ணாடிக்குள் ஆவி படிந்திருந்தால் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள், துரு காத்திருக்காது. நேற்றுவரை சரியாக இருந்தது திடீரென்று பல நிமிடம் வேகமாக ஓடினால் பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வரும் கோளாறு அது. காந்தம் நீக்கச் சில நொடி போதும், முழு சர்வீஸ் தேவையில்லை.

நல்ல மெக்கானிக் திறப்பதற்கு முன்பே கடிகாரத்தை டைம்கிராஃபரில் வைப்பார். டிக் ஓசையைக் கேட்டு அளக்கும் கருவி அது. நம் காதுக்கு ஒன்றாகக் கேட்கும் ஒரு டிக்கில் உண்மையில் மூன்று தட்டல்கள் இருக்கின்றன. முதல் தட்டலுக்கும் கடைசித் தட்டலுக்கும் உள்ள இடைவெளி நொடியில் நூறில் ஒரு பங்கு அளவுதான். அதை வைத்தே பேலன்ஸ் எத்தனை பாகை வீசுகிறது என்று கருவி சொல்லிவிடும். பீரோவிலிருந்து வந்த ஜனதா நாளுக்கு மூன்று நிமிடம் பின்தங்கி, வீச்சு 170 பாகை காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய் செத்துவிட்டது என்று அர்த்தம்.

முழு சர்வீஸில் முதல் வேலை, மெயின் ஸ்பிரிங்கில் மிச்சமிருக்கும் விசையை மெதுவாக இறக்கிவிடுவது. மறந்தால் சக்கரங்கள் சீறிச் சுழன்று பல் உடையும், அச்சு முறியும். பிறகு முள், டயல், பேலன்ஸ், சக்கரங்கள் எல்லாம் தனித்தனியாகக் கழன்று வரும். பாகங்களைக் கழுவி, கல் துளைகளைக் கூர்சீவிய மரக்குச்சியால் துடைத்து, தேய்ந்த அச்சு எது என்று லென்ஸில் பார்ப்பார்கள். மறுபடி பூட்டும்போது பேலன்ஸ் முனைக்கு மெல்லிய எண்ணெய், விசை அதிகம் தாங்கும் சக்கரங்களுக்குக் கெட்டி எண்ணெய், சாவிப் பகுதிக்கு கிரீஸ். ஹேர் ஸ்பிரிங்கில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. கடைசியாகப் படுக்கவைத்தும் நிறுத்திவைத்தும் சோதிப்பார்கள். வீச்சு 260 பாகைக்கு ஏறி, நாளுக்கு 15 நொடி பிசகினால் அந்த வயதுக்கு அருமையான ஓட்டம். 5,760 நொடிக்கு ஒரு நொடிதான் தப்பு.

சின்னக்கடை வீதியோ ஸ்ரீரங்கமோ, எந்தக் கடையானாலும் முதலில் கேளுங்கள்: “முழுசாப் பிரிச்சுக் கழுவுவீங்களாண்ணே, இல்ல பெட்ரோல்ல முக்கி எண்ணெய் விடுவீங்களா?” முக்கியெடுப்பது சர்வீஸே அல்ல, அழுக்கு கரைந்து கல்லுக்குள்தான் போய்ச் சேரும். அடுத்து, உங்கள் எதிரிலேயே மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய எண்களோ எழுத்துகளோ இருந்தால் பழைய மெக்கானிக்குகள் விட்டுப்போன சர்வீஸ் குறிப்புகள் அவை. திருகாணித் தலைகள் சிதைந்திருந்தால் முரட்டுக் கை பட்டிருக்கிறது.

எச்எம்டி கடிகாரப் பிரிவை மூட 2016இல் அரசு முடிவெடுத்தது. இன்று உதிரிபாகம் கிடைப்பது பழைய இருப்பிலிருந்தோ இன்னொரு ஜனதாவிலிருந்தோதான். ஆகவே எந்தப் பாகத்தை மாற்றினாலும் முன்கூட்டியே சொல்லவும், கழற்றியதைத் திருப்பித் தரவும் ஒப்புக்கொள்பவரிடம் கொடுங்கள். டயலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்றால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த அச்செழுத்து ஒருமுறை போனால் திரும்பாது.