பெரியப்பா பிரிக்கிறார், சின்னவர்கள் எடுக்கிறார்கள்

உயில் எழுதாமல் தாத்தா காலமாகிவிட்டால், பேரப்பிள்ளைகளை உட்கார வைத்து வீட்டின் மூத்தவர் பேச வேண்டியிருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் இப்படி ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாத்தா சுயமாகச் சம்பாதித்தது 3 ஏக்கர் தென்னந்தோப்பும் நகையும். பாட்டி முன்பே போய்விட்டார். மூத்த மகன் இருக்கிறார். மகள் இல்லை, அவருடைய பிள்ளைகள் இருவர். இளைய மகனும் இல்லை, அவருடைய மனைவியும் இரு பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பெரியவர் முதலில் சொல்ல வேண்டியது இது: "பேரன் பேத்தி தலையை எண்ணிப் பிரிக்கிறதில்ல கண்ணுங்களா. நாங்க மூணு பேர், அதனால மூணு பங்கு. நான் இருக்கறதால எம் பிள்ளைகளுக்கு இப்பத் தனிப்பங்கு இல்ல. தங்கச்சி பங்கு அவ பிள்ளைங்க ரெண்டு பேருக்கு. தம்பி பங்குல அவன் சம்சாரமும் சேர்ந்து மூணு பேரு."

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்வதும் இதுதான். அத்தை பிள்ளைக்கு ஆறில் ஒன்று, சித்தப்பா பிள்ளைக்கு ஒன்பதில் ஒன்று வரும். மனக்கசப்பு இங்கேதான் தொடங்கும். கணக்கை எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டிவிட வேண்டும்.

அடுத்தது தோப்பு. ஆளுக்கு ஒரு ஏக்கர் என்று கயிறு பிடித்தால் நியாயம் ஆகாது. மேற்கே காய்க்கும் மரங்களும் கிணறும், கிழக்கே தார்ச்சாலையை ஒட்டி இளங்கன்றுகளும் இருந்தால் இரண்டுக்கும் மதிப்பு வேறு. "நான் மூணா வகுக்கறேன். தம்பி வீட்டார் முதல்ல எடுக்கட்டும், அப்புறம் தங்கச்சி பிள்ளைங்க. மிச்சம் எனக்கு" என்கிறார் பெரியவர். வகுப்பவர் கடைசியில் எடுப்பதால் ஒரு பங்கை மட்டும் கொழுக்க வைக்க அவருக்கே மனம் வராது. இதைவிட நல்ல காவல் எனக்குத் தெரியவில்லை. கிணறும் வண்டிப்பாதையும் பொதுவில் இருக்கும். யார் எந்த நாள் தண்ணீர் பாய்ச்சுவது என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். அதை விட்டால் முதல் கோடையிலேயே சண்டை வரும்.

நகையை அப்படியே தராசில் வைத்தால் ஏமாற்றம்தான். மொத்தம் 308 கிராம், அதில் கல்லும் அரக்கும் 20 கிராம் என்றால், மிச்சம் 288 கிராம், அதாவது 36 பவுன். பழைய நகையில் மாற்றுக் குறைவாக இருக்கலாம் என்பதால் ஒவ்வொன்றையும் உரைத்துப் பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே மாற்று என்றால் பங்குக்கு 12 பவுன். 14 பவுன் காசுமாலை மகளின் பிள்ளைகளுக்கு வேண்டுமா? அதை அழிக்க வேண்டாம். கூடுதல் 2 பவுனுக்கு அன்றைய விலையைக் கணக்கிட்டு, மற்ற இரு வீட்டாருக்கும் ஒவ்வொரு பவுன் பணம் கொடுத்தால் சரியாகிவிடும்.

எல்லோரும் ஒப்புக்கொண்ட கையோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்துவிடுங்கள். நிலத்தைப் பிரித்து எழுதிய பத்திரம் பதிவாகாமல் கிடந்தால், பின்னாளில் நீதிமன்றத்தில் அதை ஆதாரமாகக் காட்டி உரிமை கேட்க முடியாது.