கல்லாவில் இல்லாத எண்

ராஜபாளையத்தில், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு தெருவில், சின்னக் கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே விற்பது பால்கோவா மட்டும். கடைக்காரர் விடியற்காலை பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போவார். தெரிந்த பட்டறையில் சரக்கை எடுத்துக்கொண்டு எட்டு மணிக்குள் திரும்பிவிடுவார். அரை மணி நேரப் பயணம்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதால், பக்கத்து ஊரில் விற்றாலும் பலகையில் அந்த ஊர்ப் பெயர்தான் இருக்கும்.

கணக்குக்காக விலையை நாமே வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ 280 ரூபாய்க்கு வாங்கி 340க்கு விற்கிறார். கிலோவுக்கு 60 ரூபாய் நிற்கும். வாடகை, கரண்ட், பஸ் செலவு, கடைப் பையனின் சம்பளம் 150 எல்லாம் சேர்த்து நாளைக்கு 600 ரூபாய், விற்றாலும் விற்காவிட்டாலும் போய்விடும். மிஞ்சிய சரக்கு மறுநாளைக்கு ஆகும். கெட்டுப்போவதை இந்தக் கதையில் சேர்க்கவில்லை. சேர்த்தால் கணக்கு இன்னும் கசக்கும்.

ஆக, 10 கிலோ விற்ற நாளில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அன்றைய எண் பூச்சியம். இந்தப் பூச்சியம் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லும் பூச்சியம் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அன்றைக்கு 3,400 ரூபாய் கை மாறியிருக்கிறது. எங்கிருந்து அளக்கிறோம் என்பதற்கான அடையாளக் கல் அது. குறை எண்கள் புரியாமல் தடுமாறும் பிள்ளைகளில் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பூச்சியத்துக்குக் கீழே போக இடமில்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள். காலித் தட்டுக்குக் கீழே இடமில்லைதான். அடையாளக் கல்லுக்கு இரண்டு பக்கமும் இடம் உண்டு.

கடைக்காரரின் மகள் ஆறாம் வகுப்பு. புதன்கிழமை ராத்திரி கடை அடைக்கும்போது பெட்டியை எட்டிப் பார்க்கிறாள். அன்றைக்கு விற்றது 6 கிலோ.

“என்னப்பா, பெட்டி நெறையப் பணம் கெடக்கு. நட்டம்னு எழுதுறீங்க?”

“எண்ணிப் பாரு பாப்பா.”

2,040 ரூபாய் இருக்கிறது. சரக்குக்கு உரிய 1,680ஐத் தனியே எடுத்து வைக்கச் சொல்கிறார். மிச்சம் 360. அதிலிருந்து 600 எடு என்கிறார். 360ஐயும் கையில் எடுத்தபிறகு இன்னும் 240 வேண்டும். பெட்டியில் இல்லை.

அந்த 240தான் அன்றைய எண். ரூபாய் நோட்டாக அதை எந்தக் கல்லாவிலும் பார்க்க முடியாது. பெட்டியில் இருப்பது எப்போதும் பூச்சியம் அல்லது அதற்கு மேல். குறை எண் இருப்பது கணக்கு நோட்டில் மட்டும். பாடம் நடத்துகிறவர்கள் பெட்டியையும் நோட்டையும் குழப்பிவிட்டால் கதை அங்கேயே கெட்டுவிடும்.

உண்மையான கடைக்காரர்கள் பெரும்பாலும் கழித்தல் குறியே போடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வரவுக்கு ஒரு பத்தி, பற்றுக்கு ஒரு பத்தி என்று நோட்டைப் பிரித்துவிட்டால் எல்லாமே சாதாரண எண்கள்தான். 1494இல் வெனிசில் லூக்கா பாச்சோலி அச்சிட்ட இரட்டைப் பதிவுக் கணக்குமுறையும் இதைத்தான் செய்தது. வணிகர்கள் குறை எண்ணோடு தினமும் புழங்கினார்கள், அதை எழுதாமலேயே. நம் கடைக்காரரின் மகள் இரண்டு பத்தியையும் ஒரே பத்தியாக்கி, குறி போட்டு எழுதுகிறாள். கணிதம் தொடங்குவது அந்த மாற்றத்தில்தான்.

அந்த வாரத்தில் விற்றது: திங்கள் 7 கிலோ, செவ்வாய் 10, புதன் 6, வியாழன் 12, வெள்ளி 14, சனி 13, ஞாயிறு 17. அவள் நோட்டில் விழுந்த எண்கள்: −180, 0, −240, +120, +240, +180, +420.

“எந்த நாளு மோசம்?” என்று கேட்டால் புதன் என்று உடனே சொல்லிவிடுவாள். “−180, −240 ரெண்டுல எது பெருசு?” என்று கேட்டால் 240 என்பாள். இரண்டும் ஒரே கேள்விதான். திங்கள், புதனைவிட நல்ல நாள். அதனால் −180 பெரியது. அளவைப் பார்க்காமல் நாளைப் பார்க்கச் சொன்னால் குழப்பம் குறைகிறது.

வியாழன் இரவு அவளுக்கு வேறொரு சந்தேகம். இன்றைக்கு 120 லாபம், ஆனாலும் வாரக் கணக்கு மைனஸிலேயே இருக்கிறதே? திங்கள் முதல் கூட்டிக்கொண்டு வந்தால் −180, −180, −420, −300. லாபம் வந்த நாள் கணக்கை மேலே நகர்த்தியது, ஆனால் பூச்சியத்தைத் தாண்ட வைக்கவில்லை. வெள்ளியில் −60. சனிக்கிழமை 180 வந்ததில் 60 பழைய குழியை அடைத்து, மீதி 120 மேலே நின்றது. ஞாயிறு முடிவில் +540. எதிரெதிர்க் குறியுள்ள எண்களைக் கூட்டும்போது கழித்து, அளவில் பெரியதன் குறியைப் போடு என்று பாடப்புத்தகம் சொல்லும் விதி, சனிக்கிழமை நடந்ததற்கு மேல் எதுவும் இல்லை.

தேர்வுத்தாளில் அடிக்கடி பார்க்கும் பிழை ஒன்று. ‘திங்களன்று நட்டம் = −180 ரூபாய்’ என்று எழுதுவார்கள். நட்டம் என்று சொல்லிவிட்டால் எண் 180 மட்டும். லாபம் என்று சொன்னால்தான் −180. இரண்டையும் சேர்த்து எழுதினால் அன்றைக்கு 180 ரூபாய் சம்பாதித்ததாக ஆகிவிடும்.

ஞாயிறு இரவு நோட்டையும் கல்லாவையும் ஒத்துப் பார்க்கும்போது, நோட்டில் காட்டுவதைவிட 150 ரூபாய் பெட்டியில் கூடுதலாக இருக்கிறது. பணம் அதிகமாக இருந்தாலும் கடைக்காரருக்குத் தூக்கம் வராது. எங்கேயோ எழுதியது தப்பு. மகள் பக்கங்களைப் புரட்டிக் கண்டுபிடிக்கிறாள்.

“புதங்கிழம பையன் லீவுல்லப்பா. நீங்க வழக்கம்போல அவன் சம்பளத்தையும் எழுதிட்டீங்க.”

அந்த 150ஐ அடிக்கிறார்கள். செலவு என்பது −150. அதை நீக்குகிறோம், அதாவது கழிக்கிறோம்: −240 − (−150) = −90. வாரக் கணக்கு 540இலிருந்து 690 ஆகிறது. புதிதாக ஒரு பைசா உள்ளே வரவில்லை. தப்பான ஒரு செலவு போனது, அவ்வளவுதான். கணக்கு மட்டும் 150 மேலே ஏறிவிட்டது. ‘குறையைக் கழித்தால் கூடும்’ என்று மனப்பாடம் செய்வதைவிட, எழுதிய செலவை அடித்துப் பார்ப்பது நல்லது. இங்கே கழித்தல் குறி இரண்டு வேலை பார்க்கிறது. முதலாவது ‘நீக்கு’ என்கிறது, இரண்டாவது ‘இது செலவு’ என்கிறது.

இந்த விதிகளை முதலில் ஒழுங்காக எழுதிவைத்தவர்களில் பிரம்மகுப்தர் முக்கியமானவர். இன்றைய ராஜஸ்தானின் பின்மாலைச் சேர்ந்த அவர், 628இல் எழுதிய ‘பிரம்மஸ்புட சித்தாந்தம்’ நூலில் மிகை எண்ணைச் செல்வம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் அழைத்தார். கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாவற்றுக்கும் விதி தந்தார். இரண்டு கடன்களின் பெருக்கல் செல்வம் என்பதும் அவற்றில் ஒன்று. கூட்டலிலும் கழித்தலிலும் கதை அழகாகப் பொருந்தும். பெருக்கலில்தான் சிக்கல்.

நம் கடைக்கு முன்னால் சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். தினமும் எட்டரைக் கிலோதான் போகிறது. 510இல் 600 போனால் −90. இப்படியே போனால் 4 நாள் கழித்துக் கணக்கு இன்றைக்கு இருப்பதைவிட 360 கீழே இருக்கும்: 4 × (−90) = −360. சரி, 4 நாளைக்கு முன்னால்? அப்போதும் இதே கதை ஓடிக்கொண்டிருந்ததென்றால், கணக்கு இன்றைக்கு இருப்பதைவிட 360 மேலே இருந்திருக்கும். முன்னால் என்பதை −4 என்று எழுதினால் (−4) × (−90) = +360.

இந்த இடத்தில் வகுப்பில் ஒரு கை எழும். “போன 4 நாள்ல 360 நட்டந்தான சார் ஆச்சு, எப்படி பிளஸ்?” கேள்வி நியாயமானது. போன 4 நாளின் மொத்த நட்டத்தைக் கேட்டால் விடை −360தான்; அங்கே 4 என்பது நாட்களின் எண்ணிக்கை. நாம் கேட்பது வேறு: இன்றைய நிலையிலிருந்து பார்த்தால் அன்றைய நிலை எவ்வளவு தள்ளி, எந்தப் பக்கம்? இதைப் பிரித்துச் சொல்லாத ஆசிரியரிடம் அந்தப் பிள்ளை தோற்காது, பாடம்தான் தோற்கும்.

பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்தாந்தால் 1835–36இல் எழுதிய தன்வரலாற்றில், சிறுவயதில் தன்னை வாட்டிய சந்தேகத்தைச் சொல்கிறார். ஒருவன் 10,000 பிராங்க் கடனை 500 பிராங்க் கடனால் பெருக்கினால் 50 லட்சம் பிராங்க் செல்வம் எப்படி வந்துவிடும்? திருப்தியான பதில் அவருக்குக் கிடைக்கவில்லை. கடன் என்ற கதையை நம்பினால் அவர் கேட்டது சரி. ரூபாயை ரூபாயால் பெருக்கினால் எந்த வியாபாரத்திலும் பொருள் கிடையாது. நம் கணக்கில் −90 மட்டும்தான் பணம், −4 காலம். பெருக்கலில் ஒன்று பணமாக இருந்தால் மற்றது நாளாகவோ கிலோவாகவோ எண்ணிக்கையாகவோ இருந்தாக வேண்டும்.

கதையே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. 4 × (−90) என்பது −360. அதோடு (−4) × (−90)ஐக் கூட்டினால், 4ம் −4ம் சேர்ந்து பூச்சியமாகி, பூச்சியத்தை −90ஆல் பெருக்கியதாக முடியும், விடை பூச்சியம். −360உடன் எதைக் கூட்டினால் பூச்சியம் வரும்? +360 மட்டும். பிரம்மகுப்தரின் விதி நிற்பது இந்தக் காலில்தான். கடன் என்ற பெயரால் அல்ல. ஏழாம் வகுப்பில் முழுக்களின் பெருக்கல் வரும்போது நம் பால்கோவாக் கடைக்காரரின் மகளுக்கு இந்த இரண்டாவது வழியும் தேவைப்படும். ஏனென்றால் அங்கே வரும் (−7) × (−5)இல் எது ரூபாய், எது நாள் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.